பெற்றோர் சந்திப்புக் கடிதம்: பதில் சீட்டோடு போய்விட்ட தேதி

பள்ளியிலிருந்து பிள்ளையின் பையில் வரும் ஒரு கடிதத்தால் இவ்வளவு அலைய வேண்டியிருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அதனால்தான் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன். கடிதம் பெறும் பெற்றோருக்கும் இது உதவும். பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருந்துகொண்டு இப்படிக் கடிதம் தயாரித்துக் கொடுப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும் என்று நினைக்கிறேன்.

நான் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். ஒரு ஷிப்டு 12 மணி நேரம். வீடு செங்காங்கில். மனைவி ஒரு கடையில் வேலை செய்கிறாள், சனி ஞாயிறு அவளுக்கு விடுமுறை கிடைக்காது. மகள் 2025இல் தொடக்கநிலை 3 படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் வாசிப்பில் அவள் திணறுவது எங்களுக்குத் தெரியும், ஆசிரியரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தோம். மே மாதத் தொடக்கத்தில் தமிழ்ப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. பள்ளியின் பொதுவான அறிவிப்புகள் எல்லாம் கைப்பேசிச் செயலியில் வந்துவிடும். இது தமிழ் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் தனியாக நடத்தும் சந்திப்பு என்பதால் தாளில் மட்டும் வந்தது.

கடிதத்தில் 'வெள்ளிக்கிழமை, 24 மே, காலை 9 மணி' என்று இருந்தது. எங்கள் வேலை அட்டவணை கிழமைக் கணக்கில் ஓடுவதால் நான் வெள்ளி என்பதைத்தான் மனதில் போட்டுக்கொண்டேன். அந்த வெள்ளி எனக்குப் பகல் ஷிப்டு. கூட வேலை செய்பவர் ஒருவருக்கு மறுநாள் சனிக்கிழமை உறவினர் வீட்டுத் திருமணம். அவர் என் வெள்ளியை எடுத்துக்கொள்ள, நான் அவர் சனியை எடுத்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வீட்டில் மனைவி பதில் சீட்டில் கையொப்பமிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலுக்குப் போனேன். காவலர் ஒரு வயதான தமிழர். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் இல்லையே தம்பி, தமிழ் மீட்டிங் நாளைக்குத்தானே" என்றார். அலுவலகத்தில் கேட்டபோதும் அதேதான். 24 மே என்ற தேதி சரி, கிழமைதான் தவறு. 2025இல் மே 24 சனிக்கிழமை. முந்தைய ஆண்டு அதே தேதி வெள்ளியில் வந்திருந்தது. போன வருடக் கோப்பைத் திறந்து, ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு, கிழமையை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் கிழமை ஒரு நாள் தள்ளிப்போகும், நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு நாள். பழைய கோப்பில் வேலை செய்பவர்களுக்கு வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒன்றில்தான் அடங்கும்.

ஷிப்டைத் திருப்பி மாற்ற முடியவில்லை. நண்பர் திருமணத்துக்குப் போயே ஆக வேண்டும். அந்தச் சனிக்கிழமை நான் தீவில் நின்றுகொண்டிருந்தபோது இங்கே சந்திப்பு நடந்து முடிந்தது. நெஞ்செல்லாம் எரிந்தது. எவ்வளவோ ஏற்பாடு செய்தும் மகளுக்காக ஒரு மணி நேரம் போய் உட்கார முடியவில்லையே என்ற ஆற்றாமை பல நாள் இருந்தது. அப்புறம்தான் பெரிய இழப்பு தெரிய வந்தது. நிகழ்ச்சி நிரலில் கடைசி வரி 'பிற விவரங்கள்' என்று இருந்தது. அந்தப் பிற விவரத்தில்தான் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் தமிழ் வாசிப்பு வகுப்புக்குப் பெயர் எழுதியிருக்கிறார்கள். இடங்கள் குறைவு, வந்திருந்த பெற்றோர் கையெழுத்துப் போட்டதோடு நிரம்பிவிட்டது. மகளுக்கு அடுத்த பருவத்தில்தான் இடம் கிடைத்தது. ஆசிரியரைத் தனியாகப் பார்க்க ஜூன் விடுமுறைக்குப் பிறகு சம்பளமில்லாத அரை நாள் எடுத்தேன். அதில் ஏறத்தாழ 90 சிங்கப்பூர் வெள்ளி போனது. நேரத்துக்குத் தீவுக்குத் திரும்ப டாக்சிக்கு 30 வெள்ளிக்கு மேல் ஆயிற்று. பணத்தை விட, பத்து வார வாசிப்புப் பயிற்சி போனதுதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். தேதியும் கிழமையும் இருந்த பகுதியே அதில் இல்லை! தமிழ் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தை விட நீளமாகப் போனதால் முதல் பக்கம் நிறைந்து, பதில் சீட்டு இரண்டாம் பக்கத்தின் உச்சிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. தாளை மிச்சப்படுத்த இரு பக்கமும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாம் பக்க உச்சிக்கு நேர் பின்னால் இருப்பது முதல் பக்க உச்சி, அதாவது பள்ளிப் பெயர், நாள், நேரம், இடம் எல்லாம். மனைவி சீட்டைச் சரியாகத்தான் வெட்டினாள். வெட்டிய துண்டோடு சந்திப்பு விவரம் முழுவதும் பள்ளிக்கே திரும்பிப் போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியது நிகழ்ச்சி நிரலின் பின்பாதி மட்டும். நாள்காட்டியோடு ஒரு தடவை ஒப்பிட்டிருந்தால் தவறு தெரிந்திருக்கும்தான், ஆனால் ஒப்பிட வீட்டில் எதுவும் மீதி இல்லை.

இதிலிருந்து பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். கடிதம் கையில் வந்தவுடன், பேனாவை எடுக்கும் முன்னால், இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். பிறகு தேதியை நாள்காட்டியில் பார்த்துக் கிழமை பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எது சரி என்று நாமே ஊகிக்காமல், பதில் சீட்டின் ஓரத்திலேயே 'வெள்ளியா, சனியா?' என்று எழுதி அனுப்பலாம். ஆசிரியர் கண்ணில் கட்டாயம் படும் தாள் அது ஒன்றுதான். நிரலில் 'பிற விவரங்கள்' அல்லது 'இதர' என்று இருந்தால் அதில் ஏதாவது பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். வர முடியாதவர் வேறொரு பெற்றோரிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது.

அந்த ஆண்டு இறுதியில் நான் பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்ந்தேன். தமிழ் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் மனம் வருந்தினார். "அடுத்த கடிதத்தை நீங்க ஒரு தடவை வடிவமைச்சுக் கொடுங்க சார், நாங்க சரிபார்த்துத் துணைமுதல்வர் ஒப்புதல் வாங்கி அனுப்புறோம்" என்றார். சரி என்றேன். ஒரு பக்கக் கடிதம்தானே என்று தொடங்கினால், எழுத எழுதக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கேட்க ஆளில்லாமல் நானே முட்டி மோதிக் கண்டுபிடித்தவற்றைக் கீழே சொல்கிறேன்.

முதல் சிக்கல் நாள். பள்ளியில் முதலில் யோசித்தது 2026 ஜனவரி 31, சனிக்கிழமை. மறுநாள் பிப்ரவரி 1 தைப்பூசம். சிங்கப்பூரில் 1968இலிருந்து தைப்பூசம் பொது விடுமுறை இல்லை என்பதால் பள்ளி நாள்காட்டியில் அது கண்ணில் படவில்லை. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை முருகன் கோயிலுக்குப் பால்குடமும் காவடியும் முந்தைய நாள் இரவிலேயே புறப்படத் தொடங்கிவிடும். தமிழ்ப் பெற்றோரில் பாதிப் பேர் அன்று காலையில் விரதமும் வேலையுமாக இருப்பார்கள். அதனால் மார்ச் 7, சனிக்கிழமை என்று மாற்றினோம். மார்ச் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னால் வரும் சனி அது.

கடிதம் எப்போது கையில் போக வேண்டும் என்பதைப் பெற்றோரின் ஷிப்டு அட்டவணைதான் தீர்மானிக்கிறது. ஷிப்டு மாற்ற எங்களுக்கு இரண்டு வாரமாவது வேண்டும். மார்ச் 7க்கு இரண்டு வாரம் முன்னால் என்றால் பிப்ரவரி 21. ஆனால் பிப்ரவரி 17, 18 சீனப் புத்தாண்டு. அந்த வாரம் கொடுத்தால் கடிதம் பையிலேயே கிடக்கும். ஆகவே பிப்ரவரி 9 திங்கட்கிழமை கொடுப்பது, பதில் சீட்டுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 25 புதன்கிழமை என்று வைத்தோம். கடைசி நாளைத் திங்களில் வைக்காததற்குக் காரணம் உண்டு. வார இறுதியில் மறந்த பெற்றோரைத் திங்கள், செவ்வாயில் நினைவூட்டி, புதனுக்குள் வாங்கிவிடலாம்.

அடுத்தது நாள், நேரம் எழுதும் கட்டம். பத்தியின் நடுவில் 'வரும் மார்ச் மாதம் ஏழாம் தேதியன்று காலையில் நடைபெறவிருக்கும்' என்று எழுதினால் யாரும் திரும்பத் தேடிப் பிடிக்க மாட்டார்கள். வாழ்த்துக்கு அடுத்தே, தனியாகக் கோடு போட்ட கட்டத்தில் இப்படி வைத்தேன்:

நாள்: 7 மார்ச் 2026, சனிக்கிழமை
நேரம்: காலை 9.00 முதல் 11.00 வரை (பதிவு 8.40 முதல்)
இடம்: இரண்டாம் மாடி, பல்நோக்கு அறை. முன்வாசல் வழியாக வரவும்
பதில் சீட்டு: 25 பிப்ரவரி 2026, புதன்கிழமைக்குள்

மாதத்தை எழுத்தில் போட்டால் 7/3 என்பதை யாரும் மாற்றிப் படிக்க வழியில்லை. முடியும் நேரம் கட்டாயம் வேண்டும். அது இருந்தால்தான் மதிய ஷிப்டு உள்ளவர் தைரியமாக வருவார். பதிவு நேரத்தையும் தொடங்கும் நேரத்தையும் பிரித்துச் சொன்னதால் 9 மணிக்கு வாசலில் வரிசை நிற்கவில்லை. கிழமையைச் சரிபார்க்க, எழுதியவரைத் தவிர வேறு ஒருவர் நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிதத்தில் வரும் ஒவ்வொரு தேதியையும் உரக்க வாசிக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். எழுதியவர் கண்ணுக்குத் தவறான கிழமையும் சரியாகத்தான் தெரியும்.

நிகழ்ச்சி நிரலில் நான் விடாப்பிடியாக இருந்தது ஒரே விஷயத்தில். பெற்றோர் கையெழுத்தோ முடிவோ தேவைப்படும் வரிக்குப் பக்கத்தில் அப்படியே சொல்லிவிட வேண்டும். 9.00க்கு வரவேற்பு, 9.10க்கு இந்த ஆண்டுப் பாடத்திட்டம். 9.30க்குத் தொடக்கநிலை 5இல் தமிழ்மொழி, அடிப்படைத் தமிழ்மொழி, உயர்தமிழ்மொழி ஆகியவற்றில் எதை எடுப்பது என்ற விளக்கம். இதற்கு 'முடிவு ஆண்டிறுதியில், இன்று விளக்கம் மட்டும்' என்று குறிப்பு. தொடக்கநிலை 4 முடிவில் பள்ளி பரிந்துரை செய்து, பெற்றோர் தேர்வு செய்யும் விஷயம் என்பதால், அன்றே முடிவு சொல்ல வேண்டுமோ என்று பயந்துகொண்டு பலர் வருவார்கள். 9.50க்கு வாசிப்பு வகுப்புப் பதிவு, பக்கத்தில் 'பெற்றோர் கையொப்பம் தேவை; வர இயலாதவர் பதில் சீட்டில் குறிப்பிடலாம்'. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்தக் கடிதத்தை எழுத ஒப்புக்கொண்டேன்.

10.20க்கு ஆசிரியருடன் தனிப்பேச்சு. இதில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதினால் அன்றைக்குச் சண்டையாகிவிடும். 10.20 முதல் 11.00 வரை 40 நிமிடம். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் ஓர் ஆசிரியருக்கு 8 பேர், இரண்டு ஆசிரியருக்கு 16 பேர். தொடக்கநிலை 4இல் தமிழ் படிப்பவர்கள் 34 பேர். எல்லாரும் கேட்டால் பாதிப் பேருக்கு மேல் காத்திருந்து திரும்ப வேண்டியதுதான். அதனால் தனிப்பேச்சு வேண்டுமா என்பதைப் பதில் சீட்டிலேயே கேட்டோம். 16ஐத் தாண்டினால் மீதிப் பேரிடம் தொலைபேசியில் பேசுவது என்று ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

இனி பதில் சீட்டு. பழைய சீட்டில் 'வருவேன் / வரமாட்டேன் (தேவையற்றதை அடிக்கவும்)' என்று இருந்தது. பழைய சீட்டுகளை ஆசிரியர் காட்டினார். சிலர் வேண்டாததை அடித்திருந்தார்கள், சிலர் வேண்டியதன் மேல் கோடு இழுத்திருந்தார்கள், சிலர் வட்டம் போட்டிருந்தார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கட்டம் வைத்து, அதில் குறியிடச் சொல்வதுதான் சரி. நான் கடைசியாகக் கொடுத்தது இதுதான்:

பதில் சீட்டு: தொடக்கநிலை 4 தமிழ்ப் பெற்றோர் சந்திப்பு, 7 மார்ச் 2026
25 பிப்ரவரி புதன்கிழமைக்குள் தமிழ் ஆசிரியரிடம் கொடுக்கவும்
மாணவர் பெயர், வகுப்பு, பதிவு எண்: ............
☐ வருகிறேன். மொத்தம் ....... பேர்
☐ ஆசிரியரிடம் தனியாகப் பேச விரும்புகிறேன்
☐ வர இயலாது. தொலைபேசியில் பேச ஏற்ற நாளும் நேரமும்: ............
☐ வாசிப்பு வகுப்பில் என் பிள்ளையைச் சேர்க்க விரும்புகிறேன்
பெற்றோர் / பாதுகாவலர் பெயர், தொலைபேசி, கையொப்பம்: ............

சந்திப்பின் பெயரும் தேதியும் சீட்டிலும் இருக்க வேண்டும். கிழித்த பிறகு அது தனித் தாள், எந்தச் சந்திப்புக்கு வந்தது என்று அதைப் பார்த்தே தெரிய வேண்டும். அதே சமயம் சீட்டில் உள்ள எந்தத் தகவலும் மேலே கடிதத்தில் இல்லாமல் இருக்கக்கூடாது. வகுப்பையும் பதிவு எண்ணையும் கேட்டதற்குக் காரணம், ஒரே தமிழ் வகுப்பில் ஆறு வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். 'ஆசிரியரிடம் கொடுக்கவும்' என்று மட்டும் போட்டால் பிள்ளை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடும். முந்தைய ஆண்டில் சில சீட்டுகள் அப்படி வேறொரு கட்டில் சிக்கிச் சந்திப்பு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தனவாம். 'தமிழ் ஆசிரியரிடம்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டேன். குழுவில் ஒருவர் வாசலில் பதிவு செய்ய வசதியாக அடையாள அட்டை எண்ணையும் கேட்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையின் பையில் போகும் தாள் அது, எங்கே விழும் என்று தெரியாது. வாசலில் காவலரிடம் அட்டையைக் காட்டினால் போதும்.

பிறகு அச்சு. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்குவதுதான் பெரும்பாடு. எழுத்தைச் சிறிதாக்கினால் பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியால் படிக்க முடியாது. செயலிக்குள் பெற்றோர் தங்கள் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாகத்தான் நுழைய முடியும், ஆகவே பெரியவர்கள் கையில் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான். எழுத்தை 12 அளவிலேயே வைத்துக்கொண்டு வாக்கியங்களைக் குறைத்தேன். 'தங்களது மேலான வருகையை அன்புடன் எதிர்பார்க்கிறோம்' போன்ற வரிகள் போனதும் இடம் தானாகக் கிடைத்தது. சீட்டு ஏ4 தாளின் அடியில் சுமார் 9 சென்டிமீட்டர், அதற்கு மேல் புள்ளிக் கோடு, பின்பக்கம் வெறுமை. ஆங்கிலப் பிரதி தனித் தாளில் போகட்டும் என்று கேட்டேன், பின்பக்கத்தில் அச்சிட்டால் பழைய கதைதான். அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி எடுத்து, நானே சீட்டைக் கிழித்துவிட்டு மீதித் தாளைப் படித்துப் பார்த்தேன். எங்கே, எப்போது, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் அதில் இருந்தன.

பிப்ரவரி 25க்குள் 27 சீட்டுகள் வந்தன. வராத 7 பேரின் பெயரை வகுப்புவாரியாகப் பிரித்து ஆசிரியரிடம் கொடுத்தேன், அவர் பிள்ளைகளிடம் புதுத் தாள் கொடுத்தனுப்பினார். அதில் 4 திரும்பின, மற்ற மூன்று வீடுகளுக்கும் அவரே தொலைபேசியில் அழைத்தார். தனிப்பேச்சுக்கு 19 பேர் குறியிட்டிருந்தார்கள். கடைசியாகச் சீட்டுக் கொடுத்த மூவருக்குத் தொலைபேசி நேரம் கொடுத்து, சந்திப்புக்கு முன்பே தெரிவித்துவிட்டார்கள். 'வர இயலாது' என்று குறியிட்டவர்களில் நான்கு பேர் வாசிப்பு வகுப்புக் கட்டத்திலும் குறியிட்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயர் அன்றைக்கே பட்டியலில் ஏறியது.

கோப்பை ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்தபோது தேதி, கிழமை, ஆண்டு, கடைசி நாள் எல்லா இடத்தையும் காலியாக்கி, அந்த இடங்களில் மஞ்சள் நிறம் பூசிக் கொடுத்தேன். அடுத்த முறை எழுதுபவர் மஞ்சள் எதுவும் மீதி இல்லை என்று பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினால் போதும்.